கூகுள் விளம்பரத்தில் ஆர்டர் திடீரெனச் சரிந்தால்: டிராக்கிங்கில் தொடங்கி ஏலம் வரை ஒரு முழுப் பரிசோதனை

கோவையில் டேபிள் டாப் வெட் கிரைண்டர் விற்கும் ஒரு கடையின் கூகுள் விளம்பரக் கணக்கு ஒரு புதன்கிழமை காலை என் கைக்கு வந்தது. கடை உரிமையாளர் போனில் பதற்றமாகவே பேசினார். "தம்பி, ரெண்டு வாரமா விளம்பரத்துல ஆர்டரே சரியா வர்றதில்லைங்க. போட்டிக்காரங்க யாரோ ரேட்டை ஏத்தி விட்டுட்டாங்களாட்ட இருக்குது. நாமளும் ஏத்திரலாமுங்களா?"

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. தரவரிசையில் தோற்றதால் விளம்பரம் தோன்றாமல் போன வாய்ப்புகளை, அதாவது இழந்த இம்ப்ரெஷன்களைக் காட்டும் `Search lost IS (rank)` 22 சதவீதத்திலிருந்து 52 சதவீதத்துக்குப் போயிருந்தது. ஏலத்தில் நம்மை யாரோ அடிக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உண்மையான காரணம் அவருடைய கடையின் பணம் கட்டும் பக்கத்தில் இருந்தது.

இந்த வழிகாட்டியை அந்தக் கணக்கை வைத்தே சொல்கிறேன். கூகுளின் தேடல் விளம்பரம், ஓர் ஆர்டருக்கு இவ்வளவு செலவு என்று இலக்கு வைக்கும் டார்கெட் சிபிஏ போன்ற தானியங்கி ஏல உத்தி, இணையக் கடை என்ற அமைப்புக்கு இது அப்படியே பொருந்தும்.

ஏன் டிராக்கிங்கில் தொடங்க வேண்டும்

ஏலத்தொகையை நாமே கையால் வைத்த காலத்தில், ஆர்டர்களைப் பதிவு செய்யும் டிராக்கிங் கெட்டால் அறிக்கை மட்டும்தான் கெடும். விளம்பரம் பாட்டுக்கு ஓடும், ஆர்டரும் வரும். இப்போது நிலைமை வேறு. ஒவ்வொரு தேடலுக்கும் எவ்வளவு ஏலம் கேட்பது என்பதை, பதிவான ஆர்டர்களைப் பார்த்துத்தான் கூகுள் முடிவு செய்கிறது. பத்து ஆர்டர் வந்து நான்கு மட்டும் பதிவானால், இந்த கிளிக்குகளுக்கு அவ்வளவு மதிப்பில்லை என்று எடுத்துக்கொண்டு ஏலத்தைக் குறைக்கும். ஏலம் குறைந்தால் தரவரிசை இறங்கும். விளம்பரம் தோன்றுவது குறையும். அப்புறம் ஆர்டர் உண்மையாகவே குறையும்.

அதாவது முதல் வாரத்தில் வெறும் பதிவுக் கோளாறாக இருப்பது, அடுத்த வாரத்தில் ஏலத் தோல்வி போல வேடம் போட்டுக்கொண்டு வரும். ஏலத்திலிருந்து பின்னோக்கித் தேடுகிறவர் போட்டியாளரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார். டிராக்கிங்கிலிருந்து முன்னோக்கி வருகிறவருக்குத்தான் முழுக் கதையும் தெரியும்.

படி 1: சரிவு உண்மைதானா?

இதற்குப் பத்து நிமிடம் போதும். மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஒப்பிடும் நாட்கள். ஞாயிற்றுக்கிழமையைச் செவ்வாய்க்கிழமையோடு ஒப்பிடக் கூடாது. முழு ஏழு நாளை அதற்கு முந்தைய முழு ஏழு நாளோடு வையுங்கள். சரிவு எந்த நாளில் தொடங்கியது என்று தெரிந்தால் வாரத்தை அந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். அந்தக் கடையில் ஒரு புதன்கிழமை தொடங்கியதால் புதன் முதல் செவ்வாய் வரை ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, இயல்பான ஏற்ற இறக்கம். ஒரு நாளுக்குச் சராசரியாக 18 ஆர்டர் வரும் கடையில் திடீரென 12 வந்தால் பதற வேண்டாம். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 18-க்கு அது சுமார் 8. ஆக 10 முதல் 26 வரை எந்தக் காரணமும் இல்லாமலே வந்து போகும். ஒரு வாரத்துக்கு 126 ஆர்டர் என்றால் இதே கணக்கில் 104 முதல் 148 வரை இயல்பு. எங்கள் கணக்கில் 126 ஆக இருந்தது 56 ஆகியிருந்தது. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

மூன்றாவது, தாமதம். கூகுள் விளம்பரக் கணக்கின் `Conversions` என்ற பத்தி, ஆர்டரை அது வந்த நாளில் எழுதாது. அந்த ஆர்டருக்குக் காரணமான கிளிக் நடந்த நாளில்தான் எழுதும். திங்களன்று கிளிக் செய்தவர் வியாழனன்று வாங்கினால் ஆர்டர் திங்கள் கணக்கில் ஏறும். அதனால் கடைசி இரண்டு மூன்று நாட்கள் எப்போதும் இளைத்தே தெரியும். `Conversions (by conv. time)` என்ற பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். அது வாங்கிய நாளின்படி எழுதும். அதிலும் சரிவு தெரிந்தால்தான் மேலே போக வேண்டும்.

படி 2: சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது?

ஆர்டர் எண்ணிக்கை என்பது நான்கின் பெருக்கல். நம் விளம்பரம் தோன்றத் தகுதியான தேடல்கள், அவற்றில் நாம் தோன்றிய பங்கு, தோன்றியதில் கிளிக் ஆன விகிதம், கிளிக்கில் ஆர்டர் ஆன விகிதம். இந்த நான்கில் எது நகர்ந்தது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் எண்ணைக் கூகுள் நேரடியாகக் காட்டாது. நாமே கணக்குப் போடலாம்:

```
தகுதியான தேடல்கள் = Impressions ÷ Search impr. share
```

அந்தக் கடையின் மூன்று வாரக் கணக்கை என் நோட்டில் இப்படி எழுதினேன்.

நல்ல வாரம்: 42,000 இம்ப்ரெஷன், பங்கு 70 சதவீதம். 2,100 கிளிக், ஒரு கிளிக் ₹18. 126 ஆர்டர். ஓர் ஆர்டருக்கு ₹300.

இரண்டாம் வாரம்: 41,400 இம்ப்ரெஷன், பங்கு 69 சதவீதம். 2,070 கிளிக், விலை கிட்டத்தட்ட அதேதான். ஆர்டர் மட்டும் 56.

மூன்றாம் வாரம்: 28,800 இம்ப்ரெஷன், பங்கு 48 சதவீதம். 1,440 கிளிக், ஒரு கிளிக் ₹14. 41 ஆர்டர்.

மூன்று வாரத்திலும் இம்ப்ரெஷனைப் பங்கால் வகுத்தால் 60,000தான் வருகிறது. ஆக, கிரைண்டர் தேடுகிறவர்கள் குறையவில்லை. கிளிக் விகிதமும் ஐந்து சதவீதத்திலேயே நின்றது. முதலில் உடைந்தது, கிளிக் ஆர்டராக மாறும் இடம். பங்கு சரிந்தது அதற்கு அடுத்த வாரத்தில்தான். கடைசி 14 நாளை ஒரே கட்டாகப் பார்த்திருந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து, எது முன்னால் எது பின்னால் என்றே தெரிந்திருக்காது. அதனால்தான் வாரம் வாரமாகப் பிரித்து எழுதச் சொல்கிறேன்.

படி 3: டிராக்கிங்

கிளிக் அப்படியே இருக்க ஆர்டர் மட்டும் விழுந்தால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். மக்கள் வாங்கவில்லை, அல்லது வாங்கியது பதிவாகவில்லை. இதைப் பிரித்துச் சொல்லக்கூடிய ஆவணம் கூகுளில் கிடையாது. அது கடையின் ஆர்டர் புத்தகத்தில் இருக்கிறது.

உரிமையாளரிடம் மூன்று வாரத்துக்கும் இணையதளத்தில் வந்த மொத்த ஆர்டரைக் கேட்டேன். 205, 198, 161 என்று வந்தது. இரண்டாம் வாரத்தில் விளம்பரக் கணக்கு 70 ஆர்டர் குறைந்ததாகச் சொல்கிறது, கல்லாவில் ஏழுதான் குறைந்திருக்கிறது. அப்போதே டிராக்கிங் என்று முக்கால்வாசி முடிவாகிவிட்டது. எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் இந்த ஒரு ஒப்பீட்டைச் செய்துவிடுங்கள்.

அடுத்து, கோளாறு எங்கே என்று குறுக்க வேண்டும். நான் பார்க்கும் வரிசை இது.

`Goals` பகுதியில், ஆர்டர் போல நாம் எண்ணச் சொன்ன ஒவ்வொரு கன்வெர்ஷனின் நிலையையும் பாருங்கள். தளத்திலிருந்து ஆர்டரைக் கூகுளுக்குச் சொல்லும் டேக் செத்துவிட்டதா, பதிவு நின்றுவிட்டதா என்று அங்கேயே எழுதியிருக்கும். கூடவே, ஆர்டர் கன்வெர்ஷன், ஏலத்துக்குக் கணக்கில் எடுக்கப்படும் `Primary`-யாகத்தான் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். யாராவது அதை `Secondary`-க்கு மாற்றியிருந்தால் `Conversions` பத்தி விழும், `All conv.` பத்தி விழாமல் நிற்கும். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம், கிளிக் அடையாளம் வழியில் தொலைகிறதா என்று பாருங்கள். விளம்பரத்தைக் கிளிக் செய்தால் முகவரியின் வாலில் `gclid` என்ற குறி ஒட்டிக்கொண்டு வரும். அதை வைத்துத்தான் ஆர்டரை விளம்பரத்தோடு கூகுள் சேர்க்கிறது. தளத்தில் புதிதாக ஒரு ரீடைரக்ட் போட்டால் சில நேரம் இந்த வால் அறுந்துவிடும். நீங்களே ஒரு பொய்க் குறியைச் சேர்த்துத் திறந்து பாருங்கள்:

```
https://example.in/wet-grinder?gclid=TEST-1234
```

பக்கம் திறந்த பிறகும் முகவரியில் `TEST-1234` இருக்க வேண்டும். பிரவுசரின் குக்கிகளில் `_gcl_aw` என்ற குக்கியின் முடிவிலும் அதே குறி இருக்க வேண்டும். இல்லையென்றால் திருடனைப் பிடித்துவிட்டீர்கள்.

எங்கள் கணக்கில் இந்த இரண்டுமே சரியாக இருந்தன. அப்போது கருவி வாரியாகப் பிரித்தேன். கணினியில் வந்த ஆர்டர் நல்ல வாரத்திலும் 26, இரண்டாம் வாரத்திலும் 26. மொபைலில் 100 ஆக இருந்தது 30 ஆகியிருந்தது. முழுச் சரிவும் மொபைலில்தான் இருக்கிறது. டேக் முழுக்கக் கெட்டிருந்தால் இரண்டிலும் விழுந்திருக்கும். ஆக, மொபைலில் மட்டும் நடக்கும் ஏதோ ஒன்று.

இந்த இடத்துக்கு வந்ததும் அறிக்கைகளை மூடிவிட்டு, கையில் போனை எடுத்து ஒரு பொருளை உண்மையாகவே வாங்குங்கள். லேப்டாப்பில் போனைப் போலச் சோதிக்கும் வசதியை நம்பாதீர்கள். நான் கிரைண்டருக்கான ஒரு பெல்ட் வாங்கினேன். பக்கத்தில் லேப்டாப்பில் அனலிட்டிக்ஸின் `Realtime` அறிக்கையைத் திறந்து வைத்திருந்தேன். போனில் பணம் கட்டும் பொத்தானைத் தொட்டதும் நேராக யுபிஐ செயலி திறந்தது. பின் நம்பர் போட்டேன். டிக் வந்தது. வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது, பத்து வினாடியில் கடையின் வாட்ஸ்அப் செய்தியும் வந்தது, "உங்கள் ஆர்டர் உறுதியானது" என்று. லேப்டாப்பில் `purchase` வரவே இல்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தேன், வரவில்லை. பிறகு போனில் குரோமுக்குத் திரும்பிப் போனேன். அதுவரை சுற்றிக்கொண்டிருந்த பக்கம் அப்போதுதான் நகர்ந்து நன்றிப் பக்கத்தைத் திறந்தது. ஒரு நிமிடத்துக்குள் லேப்டாப்பில் `purchase` வந்து விழுந்தது.

டேக் நன்றிப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் உறுதி வந்துவிட்ட வாடிக்கையாளர் எதற்காக குரோமுக்குத் திரும்பப் போகிறார்? போனைப் பூட்டிச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். பழைய பக்கத்தில் யுபிஐ முகவரியைத் தட்டச்சு செய்துவிட்டு, செயலியில் ஒப்புதல் கொடுத்துவிட்டு, மீண்டும் பிரவுசருக்கு வந்து பார்க்கும் பழக்கம் இருந்தது. அதனால் பெரும்பாலோர் நன்றிப் பக்கத்தைத் தொட்டுவிட்டுத்தான் போனார்கள். புதிய பக்கம் வாடிக்கையாளருக்கு வசதியானது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்தில் ஏழு மொபைல் ஆர்டர் நம் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

இந்தியாவில் யுபிஐ-யில் பணம் வாங்கும் எந்த இணையக் கடையிலும் இது நடக்கலாம். மொபைலில் விழுந்து, கணினியில் விழாமல், கல்லாவிலும் விழாமல் இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

படி 4: நம் கை பட்ட இடங்கள்

டிராக்கிங்கில் காரணம் கிடைத்தாலும் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரே வாரத்தில் இரண்டு விஷயம் உடைவது உண்டு.

கணக்கின் `Change history` பக்கத்தைத் திறந்து, சரிவு தொடங்கிய நாளுக்கு ஐந்து நாள் முன்பிருந்து படியுங்கள். மனிதர்கள் செய்த மாற்றத்தோடு, பரிந்துரைகளைத் தானாக ஏற்கும் வசதி செய்த மாற்றமும் அங்கே பதிவாகியிருக்கும். குறிப்பாக, டார்கெட் சிபிஏ எண், பட்ஜெட், மேட்ச் டைப், எதிர்மறைக் கீவேர்டு பட்டியல். ஒரு பொதுப் பட்டியலில் "விலை" என்ற சொல்லை யாரோ எதிர்மறையாகச் சேர்த்து, "வெட் கிரைண்டர் விலை" என்று தேடிய அத்தனை பேரையும் துரத்திவிட்ட கணக்கை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் தகுதியான தேடல்களின் எண்ணிக்கையே சுருங்கும், அதனால் படி 2-இல் போட்ட கணக்கிலேயே தடயம் இருக்கும்.

பணம் தீர்ந்ததா என்றும் பாருங்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் தொகைக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் இங்கே பலர் முன்கூட்டியே பணம் போட்டு வைத்து ஓட்டுகிறார்கள். இருப்பு தீர்ந்த சில மணி நேரங்கள் வார அறிக்கையில் தனியாகத் தெரியாது. மணி வாரியாகப் பிரித்தால் பூஜ்யங்கள் தெரியும்.

விளம்பரங்களின் நிலையில் நிராகரிப்பு ஏதும் இருக்கிறதா என்பது கடைசி. அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

படி 5: கடையில் ஏதாவது மாறியதா?

ஆர்டர் புத்தகமும் சேர்ந்து விழுந்திருந்தால், அதாவது மக்கள் உண்மையிலேயே வாங்கவில்லை என்றால், இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். அதிகம் விற்கும் மாடலின் இருப்பு தீர்ந்ததா, விலை ஏறியதா, டெலிவரி கட்டணம் சேர்ந்ததா, கேஷ் ஆன் டெலிவரி நின்றதா? இந்தக் கேள்விகளை விளம்பரம் பார்க்கிறவர் கேட்பதே இல்லை. கடைக்காரரும் தானாகச் சொல்ல மாட்டார், அது விளம்பரத்தோடு சம்பந்தப்பட்டது என்று அவருக்குத் தோன்றாது. "அந்த வாரம் கடையில என்னென்ன மாத்துனீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணும் இல்லீங்களே" என்பார். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பணம் கட்டும் பக்கம் ஏதாவது மாறியதா என்று நான் தனியாகக் கேட்ட பிறகுதான், "ஆமாங்க, வெப்சைட் பண்றவரு செவ்வாக்கிழமை ராத்திரி புதுசு போட்டாரு, அதுவுங்களா?" என்றார்.

படி 6: தேவை குறைந்ததா, பங்கு குறைந்ததா?

இம்ப்ரெஷன் விழுந்திருந்தால் முதலில் இதைப் பிரிக்க வேண்டும். படி 2-இல் சொன்ன வகுத்தலைச் செய்யுங்கள். தகுதியான தேடல்கள் குறைந்து பங்கு அப்படியே இருந்தால், சந்தைதான் சுருங்கியிருக்கிறது. ஆடித் தள்ளுபடி முடிந்த வாரத்தில் வீட்டு உபயோகப் பொருட்களின் தேடல் குறைந்தால் அதற்கு ஏலத்தில் மருந்து தேடக் கூடாது. சென்ற ஆண்டு இதே பருவத்தை எடுத்துப் பாருங்கள், கூகுள் டிரெண்ட்ஸிலும் ஒரு பார்வை பாருங்கள். கீவேர்டோடு தொடர்புள்ள மற்றத் தேடல்களிலும் தோன்றவைக்கும் பிராட் மேட்ச் அதிகம் வைத்திருக்கும் கணக்கில் ஓர் எச்சரிக்கை: கூகுள் எந்தத் தேடல்களை நம் கீவேர்டோடு சேர்க்கிறது என்பதே மாறும், அதனால் இந்த எண்ணும் ஆடும். அங்கே சரியான பொருத்தம் வைத்த நான்கைந்து பெரிய கீவேர்டுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடுவது நல்லது.

தேடல் அப்படியே இருந்து பங்கு குறைந்திருந்தால், எதனால் என்று இரண்டு பத்திகள் சொல்லும். `Search lost IS (budget)` என்பது பட்ஜெட் போதாமல் இழந்தது. `Search lost IS (rank)` என்பது தரவரிசையில் இழந்தது. பங்கையும் இந்த இரண்டையும் கூட்டினால் நூறு வரும். எங்கள் கணக்கில் நல்ல வாரத்தில் பட்ஜெட்டால் 8, தரவரிசையால் 22 சதவீதம் போனது. மூன்றாம் வாரத்தில் பட்ஜெட்டால் இழந்தது பூஜ்யம், தரவரிசையால் 52.

அந்தப் பூஜ்யத்தைக் கவனியுங்கள். உண்மையிலேயே போட்டி கூடி கிளிக் விலை ஏறினால் பட்ஜெட் சீக்கிரம் தீரும், பட்ஜெட்டால் இழப்பது பொதுவாகக் கூடும். இங்கே பட்ஜெட் மிச்சமாகிறது. செலவழிக்க வழியிருந்தும் செலவழிக்காமல் நம் கணக்கே பின்வாங்கி நிற்கிறது.

படி 7: கிளிக் விலை எந்தப் பக்கம் போகிறது?

இந்த வழிகாட்டியிலேயே நான் மிகவும் மதிக்கும் படி இதுதான். தரவரிசையில் இழந்த பங்கு கூடியிருக்கிறது என்றால், உடனே சராசரி கிளிக் விலையைப் பாருங்கள்.

இழப்பு கூடி, கிளிக் விலையும் கூடியிருந்தால் மற்றவர்கள் ஏறி வந்திருக்கிறார்கள். நாம் நின்ற இடத்திலேயே நிற்க அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இழப்பு கூடி, கிளிக் விலை குறைந்திருந்தால் நாம்தான் இறங்கியிருக்கிறோம். நம் ஏலத்தொகை குறைந்துவிட்டது, மலிவான கிளிக்குகள் மட்டும் நமக்கு மிஞ்சுகின்றன.

எங்கள் கணக்கில் ₹18 ஆக இருந்தது ₹14 ஆகியிருந்தது. உரிமையாளர் பயந்த போட்டியாளர் அங்கே இல்லை. பதிவாகாத ஆர்டர்களைப் பார்த்து ஓர் ஆர்டருக்கு ₹650-க்கு மேல் ஆகிறது என்று எண்ணிக்கொண்ட டார்கெட் சிபிஏ, ₹300 இலக்குக்குத் திரும்புவதற்காக ஏலத்தை இறக்கிக்கொண்டே வந்திருந்தது. இறக்கியும் மூன்றாம் வாரத்தில் ₹490-க்குக் கீழே வரவில்லை, அதனால் இன்னும் இறக்கியிருக்கும்.

சராசரியில் ஒரு சிக்கல் உண்டு. விலை அதிகமான கீவேர்டு நின்றுபோனால் எந்த ஏலமும் மாறாமலே சராசரி விலை குறையும். அதனால் ஒரே கீவேர்டு, ஒரே கருவி என்று நிறுத்தி ஒப்பிடுங்கள். நான் "டேபிள் டாப் வெட் கிரைண்டர்" என்ற கீவேர்டை மொபைலில் மட்டும் பார்த்தேன். அங்கேயும் விலை இறங்கித்தான் இருந்தது.

படி 8: ஏலத்தில் யார் யார்?

இப்போதுதான் `Auction insights` அறிக்கையைத் திறக்க வேண்டும். முழுக் கணக்குக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. முக்கியமான ஒரு கேம்பெய்ன் அல்லது கீவேர்டைத் தேர்ந்தெடுத்து வாரம் வாரமாகப் பிரியுங்கள்.

இதில் பல பத்திகள் இருக்கும். நான் இரண்டைத்தான் படிக்கிறேன். ஒவ்வொரு போட்டியாளரின் `Impression share`, அவர்களுடைய தேடல் பங்கு. `Position above rate`, இருவரும் ஒரே தேடலில் தோன்றியபோது அவர்கள் நமக்கு மேலே நின்ற விகிதம்.

படிக்கும் முறை இது. நம் பங்கு விழுந்த அதே வாரத்தில் ஒரு குறிப்பிட்ட போட்டியாளரின் பங்கு வேகமாக ஏறி, அவர் நமக்கு மேலே நிற்பதும் கூடியிருந்தால் அவர்தான் காரணமாக இருக்கலாம். எல்லாப் போட்டியாளர்களும் ஒரே சமயத்தில் நமக்கு மேலே போயிருக்கிறார்கள், ஆனால் அவரவர் பங்கு பெரிதாக மாறவில்லை என்றால் நகர்ந்தது நாம். ஓடும் ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு மரங்களெல்லாம் பின்னால் ஓடுவது போல.

எங்கள் அறிக்கையில் நான்கு கடைகளும் ஒரே வாரத்தில் நமக்கு மேலே ஏறியிருந்தன. அவற்றில் மூன்றின் பங்கு மூன்று வாரமும் ஓரிரு சதவீதம்தான் ஆடியது. நான்காவது ஒரு புதிய கடை, அந்த மாதம்தான் பட்டியலில் வந்திருந்தது. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன், அதன் கணக்கைப் பிறகு பார்ப்போம்.

இந்த அறிக்கை போட்டியாளரின் ஏலத்தொகையையோ பட்ஜெட்டையோ காட்டாது. நாம் தகுதி பெற்ற ஏலங்களில் நடந்ததை மட்டும்தான் காட்டும். அதனால் இதை வைத்து "அவர் நாளுக்கு இவ்வளவு செலவழிக்கிறார்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

போட்டியாளரும் ஏறவில்லை, நம் ஏலமும் இறங்கவில்லை, ஆனாலும் தரவரிசை விழுகிறது என்றால் தரம் மிச்சம் இருக்கிறது. கீவேர்டுகளில் `Quality Score (hist.)` என்ற பத்தியைச் சேர்த்து நாள் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். லேண்டிங் பக்கத்தின் மதிப்பீடு சரிந்திருந்தால் பக்கத்தின் வேகத்தைச் சோதியுங்கள்.

சரிசெய்த வரிசை

காரணம் தெரிந்தவுடன் இலக்கை மாற்றும் ஆசை வரும். மாற்றாதீர்கள். முதலில் தவறான தகவல் உள்ளே போவதை நிறுத்த வேண்டும்.

அன்று மாலையே தளம் பார்க்கிறவரிடம் பேசி, பழைய பணம் கட்டும் பக்கத்தைத் தற்காலிகமாகத் திரும்ப வைக்கச் சொன்னோம். மறுநாளே மொபைல் ஆர்டர்கள் பதிவாகத் தொடங்கின.

அடுத்தது, கெட்ட நாட்களைக் கூகுள் மறக்கும்படி செய்வது. ஏல உத்திகளுக்கான `Advanced controls` பகுதியில் `Data exclusions` என்று ஒரு வசதி உண்டு. குறிப்பிட்ட நாட்களின் தகவலைத் தானியங்கி ஏலம் கணக்கில் எடுக்காமல் இருக்கச் செய்யும். இதில் ஒரு நுணுக்கம்: அது கிளிக் நடந்த நாளைப் பார்க்கிறது. இந்தக் கடையில் பலர் கிளிக் செய்து மூன்று நாளுக்குள் வாங்குகிறார்கள். ஆக, பக்கம் மாறுவதற்கு முந்தைய சனிக்கிழமை கிளிக் செய்தவர் செவ்வாய் இரவுக்குப் பிறகு வாங்கியிருந்தால் அதுவும் தொலைந்திருக்கும். அதனால் விலக்கும் காலத்தை மாற்றம் நடந்த நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே தொடங்கினேன். இந்த வசதியை அடிக்கடி பயன்படுத்தக் கூடாது. நல்ல வாரம், மோசமான வாரம் என்று பார்த்து விலக்க ஆரம்பித்தால் ஏலம் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. டிராக்கிங் உடைந்த காலத்துக்கு மட்டுமே இது. தொலைந்த ஆர்டர்களை இது மீட்டும் தராது. அறிக்கையில் அந்த இரண்டு வாரம் குறைவாகவேதான் இருக்கும்.

நிரந்தரத் தீர்வு, நன்றிப் பக்கத்தை நம்பாமல் இருப்பது. வாடிக்கையாளர் தளத்துக்குள் வரும்போதே `gclid`-ஐப் பிடித்து ஆர்டரோடு சேமித்து வைக்க வேண்டும். பணம் வந்ததாகப் பேமென்ட் கேட்வே கடையின் சர்வருக்கு உறுதி சொல்லும். அந்த உறுதி வந்த ஆர்டர்களை நாம் கூகுளுக்கு அனுப்ப வேண்டும். எளிய வழி, தினம் ஒரு கோப்பாக ஏற்றுவது:

```
Google Click ID,Conversion Name,Conversion Time,Conversion Value,Conversion Currency
(gclid),Order Confirmed,2025-09-18 14:22:05+0530,4200,INR
```

நேரத்தின் வாலில் இருக்கும் `+0530` முக்கியம். அது தவறாக இருந்தால் ஆர்டர் வேறு நேரத்தில் போய் உட்காரும். கிளிக்குக்கு முந்தைய நேரமாக ஆகிவிட்டால் கூகுள் அந்த வரியை ஏற்காது. இன்னொன்று, பழைய டேக்கும் இந்தப் புதிய வழியும் இரண்டுமே `Primary`-யாக இருந்தால் ஒரே ஆர்டர் இரண்டு முறை எண்ணப்படும். புதியதை முதலில் `Secondary`-யாக வைத்து, இரண்டு வாரம் ஆர்டர் புத்தகத்தோடு ஒப்பிட்டோம். எண்ணிக்கை பொருந்திய பிறகு இரண்டையும் இடம் மாற்றினோம். அதற்குப் பிறகுதான் புதிய பணம் கட்டும் பக்கம் மறுபடி போனது.

மிச்சமிருந்த நான்கு சதவீதம்

விலக்கு போட்ட ஒன்பதாம் நாள் பங்கு 66 சதவீதத்துக்கு வந்தது. பழைய 70-ஐத் தொடவில்லை. இந்த நான்கு சதவீதத்துக்கு மட்டும்தான் உண்மையான ஏலக் காரணம் இருந்தது. குறித்து வைத்த அந்தப் புதிய கடை, "டேபிள் டாப் வெட் கிரைண்டர்" கீவேர்டில் பூஜ்யத்திலிருந்து 35 சதவீதப் பங்குக்கு வந்திருந்தது. இந்த முறை அதே கீவேர்டில் நம் கிளிக் விலை ₹18-லிருந்து ₹21-க்கு ஏறியிருந்தது. படி 7-இல் சொன்ன முதல் வகை.

ஏற்றுவதா வேண்டாமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நூறு கிளிக்கில் ஆறு ஆர்டர். ₹18-க்கு ஓர் ஆர்டர் ₹300. ₹21-க்கு ₹350. ஒரு கிரைண்டரில் விளம்பரச் செலவைக் கழிப்பதற்கு முன் ₹700 லாபம் நிற்கிறது என்றார் உரிமையாளர். ₹350 கொடுத்தும் பாதி கையில் இருக்கும். ஆனால் எல்லா கீவேர்டுக்கும் இலக்கை ஏற்றினால், போட்டி இல்லாத இடத்திலும் ₹300-க்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஆர்டருக்கு அதிகம் கொடுப்போம். அதனால் அந்த ஒரு கீவேர்டைத் தனி கேம்பெய்னாகப் பிரித்து அதற்கு மட்டும் இலக்கை ₹350 ஆக்கினோம். மற்றவை ₹300-லேயே நின்றன.

உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப போட்டிக்காரன் இருந்தான்தானுங்க தம்பி?" என்றார். இருந்தான், உண்மைதான். 126 ஆர்டர் 41 ஆனதில் அவனுடைய பங்கு எவ்வளவு என்பதை அந்த மூன்று வார நோட்டைக் காட்டித்தான் அவருக்கு விளக்கினேன்.